திரையில் கோடு, மினுக்கல்: பழுது பேனலிலா, கேபிளிலா, டிரைவரிலா?

லேப்டாப் திரை திடீரென்று மினுக்கத் தொடங்குகிறது. அல்லது நடுவில் பச்சையாக ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை விழுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார்கள். சில சமயம் அது சரியாகவே இருக்கும். சில சமயம் புதுப் பேனல் மாட்டிய மறு வாரமே பழைய மினுக்கல் திரும்பி வரும். காரணம், பழுது பேனலில் இல்லை; பேனலுக்குப் படத்தைக் கொண்டுவரும் கேபிளிலோ, படத்தை வரையச் சொல்லும் டிரைவர் மென்பொருளிலோ இருந்திருக்கும்.

இந்த மூன்றும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் செலவு ஒன்றல்ல. டிரைவர் கோளாறுக்குக் காசே தேவையில்லை. கேபிள் மலிவான பாகம், கூலிதான் அதிகம். பேனல்தான் கையைக் கடிக்கும். எனவே கடைக்குப் போவதற்கு முன்பே எது என்று ஓரளவு பிரித்துப் பார்ப்பது நல்லது. அதற்குத் தேவையானது பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: ஒரு எச்டிஎம்ஐ கேபிளும், ஒரு மானிட்டரோ டிவியோ.

படம் வரும் வழி

சோதனை ஏன் வேலை செய்கிறது என்று புரிய, படம் வரும் பாதையை ஒருமுறை பார்த்துவிடலாம். கிராபிக்ஸ் சிப் படத்தை நினைவகத்தில் வரைகிறது. பல லேப்டாப்களில் அது தனிச் சிப்பாக இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும். எப்படி வரைய வேண்டும், எந்த வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று அதற்குக் கட்டளை கொடுப்பது டிரைவர். வரைந்த படம் மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கேபிளில் ஏறி, மூடி திறந்து மூடும் கீல் வழியாக வளைந்து, திரைக்குப் பின்புறம் 30 அல்லது 40 முனைகள் கொண்ட ஒரு சிறிய கனெக்டரில் முடிகிறது. அங்கே பேனலின் அடிவிளிம்பில் ஒரு நீளமான சர்க்யூட் போர்டு இருக்கிறது. அதிலுள்ள சிப் ஒன்று, வந்த படத்தைப் பிரித்துக் கண்ணாடிக்குள் ஓடும் ஆயிரக்கணக்கான நுண்கம்பிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. திரைக்குப் பின்னால் எரியும் எல்இடி விளக்குக்கான மின்சாரமும் இதே கேபிளில்தான் வருகிறது.

எச்டிஎம்ஐ துளைக்குப் போகும் படம் இந்தப் பாதையின் நடுவே, மதர்போர்டிலேயே பிரிந்துவிடுகிறது. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து இரண்டு வயல்களுக்குப் போவதைப் போல. இரண்டு வயலிலும் கலங்கல் நீர் வந்தால் கலங்கியது பிரிவுக்கு மேலே. ஒன்றில் மட்டும் வந்தால் அந்தக் கிளையில். வெளி மானிட்டர் சோதனையின் அடிப்படை முழுவதும் இதுதான். கிராபிக்ஸ் சிப்பும் நினைவகமும் டிரைவரும் பிரிவுக்கு மேலே இருப்பவை. கீல் வழியாகப் போகும் கேபிளும் பேனலும் பிரிவுக்குக் கீழே, லேப்டாப் திரைக்கு மட்டுமே சொந்தமானவை.

சோதனையைச் செய்யும் முறை

மானிட்டரை இணைத்து, விண்டோஸ் விசையுடன் P விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் Duplicate என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஒரே படம் இரண்டு திரையிலும் தெரியும். Extend என்று வைத்தால் இரண்டிலும் வெவ்வேறு படங்கள் வரும், ஒப்பிட முடியாது.

கோளாறு எப்போதும் இருக்கும் வகை என்றால் பதில் உடனே கிடைக்கும். விட்டுவிட்டு வரும் மினுக்கல் என்றால் அவசரப்படக் கூடாது. லேப்டாப் திரை மினுக்கும் வரை காத்திருந்து, அதே நொடியில் மானிட்டரும் மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். “மானிட்டர் மாட்டினேன், நல்லாத்தான் இருந்தது” என்பது, அந்த நேரத்தில் லேப்டாப் திரையும் நல்லாத்தான் இருந்தது என்றால் எதையும் நிரூபிக்காது.

இன்னொரு சின்னச் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடலாம். கோடு தெரியும்போது விண்டோஸ் விசையுடன் PrtSc விசையை அழுத்தித் திரையைப் படம் பிடியுங்கள். அந்தப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கோடு படத்திலேயே பதிவாகியிருந்தால், வரைந்த படமே கெட்டிருக்கிறது. செயலி, டிரைவர், கிராபிக்ஸ் சிப், நினைவகம் இவற்றில் ஒன்றுதான் காரணம். படம் சுத்தமாக இருந்தால், வரைந்த பிறகுதான் எங்கோ கெட்டிருக்கிறது. திரையைக் கைபேசி கேமராவில் படம் எடுத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. சில திரைகளில் விளக்கு மிக வேகமாக அணைந்து எரிவதன் மூலம்தான் வெளிச்சம் குறைக்கப்படுகிறது. அது கேமராவில் ஓடும் பட்டைகளாகத் தெரியும். அது பழுதல்ல.

இரண்டிலும் தெரிந்தால்

மானிட்டரிலும் அதே கோளாறு தெரிந்தால் பேனலையும் கேபிளையும் மறந்துவிடலாம். மிஞ்சுவது மென்பொருளா, சிப்பா என்ற கேள்வி.

முதலில் Ctrl, Shift, Esc மூன்றையும் அழுத்தி Task Manager சாளரத்தைத் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லும் வழி இது. திரையில் மற்றதெல்லாம் மினுக்கும்போது அந்தச் சாளரம் மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு செயலி விண்டோஸோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் சந்தேகம் டிரைவர் மேல். கோளாறு விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு தொடங்கியது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. Device Manager திறந்து, Display adapters என்பதன் கீழ் உள்ள பெயரை இரட்டைச் சொடுக்கி, Driver தாவலில் Roll Back Driver பொத்தானை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் திரும்பிப்போகப் பழைய பதிப்பு இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று தந்திருக்கும் டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும்.

விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, லேப்டாப்பைப் போட்டதும் தெரியும் பயாஸ் திரையிலேயே இரண்டிலும் கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ தெரிந்தால் டிரைவர் குற்றமற்றது. அது அங்கே இன்னும் ஏறவே இல்லை. அப்போது கிராபிக்ஸ் சிப் அல்லது ரேம். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் வைத்துக்கொள்வதில்லை, பொது ரேமையே பயன்படுத்துகிறது. ஆகவே ரேம் குச்சி சரியாக உட்காராமல் போனாலும் படம் சிதறலாம். கழற்றி மாட்டிப் பார்ப்பதும், `mdsched.exe` என்ற விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓட விடுவதும் செலவில்லாத முதல் படி.

தனி கிராபிக்ஸ் சிப் பழுது என்றால் நிலைமை கடினம். 2008-இல் என்விடியா நிறுவனம், லேப்டாப் சிப்கள் சிலவற்றில் உறைப் பொருள் பலவீனமாக இருந்ததால் வரும் பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகிச் சூடாகி ஆறுவதில் சிப்பின் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. இந்த வகைப் பழுதைச் சூடுகாட்டிச் சரிசெய்வது சில வாரங்களோ மாதங்களோதான் தாங்கும். மதர்போர்டு வேலைக்குச் சம்மதிக்கும் முன் லேப்டாப்பின் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

லேப்டாப் திரையில் மட்டும் தெரிந்தால்

பெரும்பாலான பழுதுகள் இந்தப் பக்கம்தான் வந்து விழும். மானிட்டர் பளிச்சென்று இருக்கிறது, லேப்டாப் திரை மட்டும் ஆடுகிறது. “அப்படியானால் டிரைவர் இல்லை, பேனலோ கேபிளோதான்” என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பல நேரம் அது சரிதான். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை, இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்கள். கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் உள்திரை பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸோடும், எச்டிஎம்ஐ துளை தனி என்விடியா சிப்போடும் இணைக்கப்பட்டிருக்கும். அங்கே மானிட்டர் நன்றாக இருப்பது என்விடியாவுக்கும் அதன் டிரைவருக்கும் மட்டுமே நற்சான்று. இதைத் தெரிந்துகொள்ள Settings, System, Display, Advanced display என்று போய், ஒவ்வொரு திரையாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று Connected to என்பதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வந்தால், யுஎஸ்பி-சி துளை வழியாக மானிட்டரை இணைத்துப் பார்க்கலாம். சில மாடல்களில் அந்தத் துளை உள்திரையின் சிப்போடு சேர்ந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. பேட்டரியை மிச்சப்படுத்த, டிரைவர் உள்திரைக்கு மட்டும் சில வேலைகள் செய்கிறது. அதில் முக்கியமானது Panel Self Refresh. திரையில் படம் மாறாமல் நிற்கும்போது கிராபிக்ஸ் சிப் படம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. பேனல் தன் சிறு நினைவகத்தில் வைத்திருக்கும் கடைசிப் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறது. மவுஸ் அசைந்ததும் சிப் விழித்துப் புதுப் படம் அனுப்புகிறது. இந்தக் கைமாற்றம் பிசகினால் திரை ஒரு கணம் மினுக்கும். வெளி மானிட்டருக்கு இந்த ஏற்பாடு இல்லாததால் அது அசையாமல் நிற்கும். பேனலும் கேபிளும் முழு நலத்தோடு இருக்க, பழி அவற்றின் மேல் விழும்.

இதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. படித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டு, தட்டச்சு செய்யத் தொடங்கும்போதும் மவுஸைத் தொடும்போதும் மினுக்கும். வீடியோ ஓடும்போது மினுக்காது; ஏனென்றால் அப்போது படம் நிற்பதே இல்லை. பேட்டரியில் மட்டும் வந்து, சார்ஜர் மாட்டினால் நின்றுவிடுவதும் உண்டு. இன்டெல் கிராபிக்ஸ் என்றால் Intel Graphics Command Center செயலியில் System, பிறகு Power என்று போய் Panel Self Refresh என்பதை அணைத்துப் பாருங்கள். ஏஎம்டி லேப்டாப்பில் திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைந்தால், ஏஎம்டியின் செயலியில் Vari-Bright என்பதை அணைக்க வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்டெல் கிராபிக்ஸுக்குத் தொடக்க வரியில் இதைச் சேர்த்துச் சோதிக்கலாம்:

```
i915.enable_psr=0
```

அணைத்தபின் இரண்டு நாள் மினுக்காமல் ஓடினால் பழுது பிடிபட்டுவிட்டது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், வேறு இழப்பில்லை.

டிரைவரை முழுதாக ஒதுக்கிவைத்துப் பார்க்கும் வழி பயாஸ் திரை. Start பட்டியலில் Shift விசையைப் பிடித்துக்கொண்டு Restart அழுத்தி, Troubleshoot, Advanced options, UEFI Firmware Settings என்று போனால் பயாஸ் திறக்கும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். திரையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். விண்டோஸும் அதன் டிரைவரும் அங்கே கிடையாது. அங்கேயும் மினுக்கினால், கோடு விழுந்தால், மென்பொருளை இனிச் சந்தேகிக்க வேண்டாம். அங்கே மினுக்கவில்லை என்றாலும் உடனே டிரைவர் என்று எழுதிவிடக் கூடாது. கேபிள் தளர்ந்திருந்தால் அது அசைந்தால்தான் தெரியும். அதனால் பயாஸில் இருக்கும்போதே அடுத்த சோதனையையும் செய்துவிட வேண்டும்.

கேபிளா, பேனலா

மூடியின் மேல்விளிம்பு நடுவில் பிடித்து, ஏறக்குறைய மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறக்கும்வரை மிக மெதுவாக நகர்த்துங்கள். பிறகு அதே மெதுவில் திரும்பி வாருங்கள். குறிப்பிட்ட ஒரு கோணம் வரும்போதெல்லாம் திரை துடித்தால், புள்ளிகள் பறந்தால், நிறம் மாறினால், இருண்டு மீண்டால் குற்றவாளி கேபிள். தினமும் பல தடவை கீலில் வளைந்து நிமிர்வது அதுதான். அதனுள் இருக்கும் முடிபோன்ற கம்பிகளில் ஒன்று அறுந்து, சில கோணத்தில் ஒட்டியும் சில கோணத்தில் விலகியும் நிற்கும். அல்லது முனையில் கனெக்டர் சற்றே நழுவியிருக்கும்.

கேபிள் பழுதின் இயல்பு, நிலையில்லாமை. ஒரே கம்பியில் மிக வேகமாகப் பல புள்ளிகளின் தகவல் ஓடுவதால், அந்தக் கம்பி தடுமாறினால் பாதிப்பு திரை முழுவதும் அல்லது பெரும்பகுதியில் பரவும். இன்று சிதறல், நாளை நிறமாற்றம், மறுநாள் கறுப்பு என்று வடிவமும் மாறும். 144 ஹெர்ட்ஸ் திரை உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். Advanced display பக்கத்தில் வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்ததும் சிதறல் நின்றால், கேபிள் அல்லது கனெக்டர் மேல் சந்தேகம் கூடுகிறது. அரைகுறைத் தொடர்பு குறைந்த வேகத்தைத் தாங்கும், அதிக வேகத்தைத் தாங்காது.

பேனல் பழுதின் இயல்பு இதற்கு நேரெதிர். ஃபுல் எச்டி திரையில் நெடுக்காக 1920 புள்ளிகள் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதி. ஆக மேலிருந்து கீழே ஓடும் நுண்கம்பிகள் 5760. இவை கண்ணாடியின் விளிம்பில் படலம்போன்ற மெல்லிய இணைப்புகளோடு, மின்சாரம் கடத்தும் ஒரு பசைப்படலத்தால் சூடாக அழுத்தி ஒட்டப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று விட்டுப்போனால் திரையின் மேலிருந்து கீழ்வரை முடி அகலத்தில் ஒரு கோடு. எந்த நிறப் பகுதியின் கம்பி விட்டதோ அதற்கேற்ற நிறம். அந்தக் கோடு மூடியை எப்படி அசைத்தாலும், எந்தப் படத்தைக் காட்டினாலும் அதே இடத்தில் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் பல கம்பிகள் சேர்ந்து விட்டால் பட்டையாக வெள்ளையோ கறுப்போ தெரியும். கிடைமட்டக் கோடு என்றால் வரிசைகளை இயக்கும் இணைப்பில் பழுது.

திரையின் சட்டத்தை, கோடு முடியும் இடத்துக்கு நேராக, விரல்நுனியால் மிக மென்மையாக அழுத்தும்போது கோடு மறைந்து வருமானால் அது விளிம்பு ஒட்டல் விட்டிருப்பதன் அடையாளம். இதை அதிகம் செய்யக் கூடாது, கண்ணாடி மெல்லியது. அந்த ஒட்டலைச் சால்டரிங் வைத்துச் சரிசெய்ய முடியாது. தனி இயந்திரம் வேண்டும். ஆகவே கடைகளில் பேனலையே மாற்றுகிறார்கள். லேப்டாப்பை ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவது, மூடியை ஒரு பக்கமாகத் திறப்பது ஆகியவை கண்ணாடியை முறுக்கி இந்த ஒட்டல்களைத்தான் தளர்த்துகின்றன.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அணைத்த நிலையில் D விசையைப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினால், வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை ஒவ்வொரு நிறமாக மாறும். பேனலைத் தனியாகச் சோதிப்பதற்கென்றே வைத்தது அது. அந்த நிறங்களின் மேலும் கோடு அதே இடத்தில் நின்றால் பேனல்தான்.

கேபிளின் சிறு கணக்குப் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 2016 மேக்புக் ப்ரோ சாட்சி. அந்த 13 அங்குல மாடலில் திரையின் அடியில் மேடை விளக்குகளைப்போல வெளிச்சத் திட்டுகள் தோன்றின. சிலவற்றில் மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தால் விளக்கே அணைந்தது. மெல்லிய கேபிள் ஒவ்வொரு திறப்பிலும் ஒரு போர்டின் மேல் இழுபட்டு உரசியதுதான் காரணம் என்று பழுதுபார்ப்போர் கண்டார்கள். 2018 மாடலில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாகியிருந்ததை ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் அளந்து சொன்னது. கேபிள் திரையோடு பிணைந்தே செய்யப்பட்டிருந்ததால் அதை மட்டும் மாற்ற வழியில்லாமல் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் 2019 மே மாதம் ஆப்பிள் இலவசச் சேவைத் திட்டம் அறிவித்தது.

ஒரு லேப்டாப்பை முழுதாகப் பார்ப்போம்

ஐந்து வயதான 15.6 அங்குல லேப்டாப் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பையில் தினமும் போய்வந்தது. மூடியைத் திறக்கும்போது இடதுபுறம் லேசாக ‘கிரக்’ என்கிறது. ஒரு மாதமாகத் திரை விட்டுவிட்டு மினுக்குகிறது. போன வாரத்திலிருந்து வலது பக்கம் மெல்லிய பச்சைக் கோடு ஒன்றும் இருக்கிறது. கடையில் “பேனல்” என்றார்கள்.

டிவியை இணைத்து Duplicate வைத்தாயிற்று. பச்சைக் கோடு டிவியில் இல்லை. சிறிது நேரத்தில் லேப்டாப் திரை மினுக்குகிறது, டிவி அசையவில்லை. Advanced display பக்கத்தில் இரண்டு திரைக்கும் ஒரே இன்டெல் பெயர்தான், ஆக முதல் ஓட்டை இல்லை. கிராபிக்ஸ் சிப், ரேம் இரண்டும் விடுதலை.

Panel Self Refresh அணைத்தும் மினுக்கல் நிற்கவில்லை. பயாஸுக்குப் போனால் பச்சைக் கோடு அங்கேயும் அதே இடத்தில் இருக்கிறது. மினுக்கல் பத்து நிமிடம் வரவில்லை. இங்கே பலர் தவறான முடிவுக்கு வருவார்கள்: “மினுக்கல் பயாஸில் இல்லை, எனவே டிரைவர்.” பயாஸில் லேப்டாப்பை யாரும் தொடவில்லை என்பதே உண்மைக் காரணம். மூடியை மெதுவாகச் சாய்க்கும்போது, நிமிர்ந்த நிலையைச் சற்றே தாண்டியதும் திரை முழுவதும் புள்ளிகள் பறந்து மீள்கின்றன. திரும்ப அதே கோணம், திரும்ப அதே துடிப்பு. பச்சைக் கோடு மட்டும் எதற்கும் அசையவில்லை.

ஆக இது ஒரு பழுதல்ல, இரண்டு. மினுக்கல் கேபிளிலிருந்து வருகிறது. கோடு பேனலின் விளிம்பிலிருந்து வருகிறது. ‘கிரக்’ சத்தம் இரண்டுக்கும் பொது மூலத்தைக் காட்டுகிறது: இடது கீலின் திருகு பிடிக்கும் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. அதனால் கீல் விலகிக் கேபிளை நசுக்குகிறது, மூடியும் ஒவ்வொரு திறப்பிலும் முறுக்கிக்கொள்கிறது. பேனலை மட்டும் மாற்றியிருந்தால் கோடு போயிருக்கும், மினுக்கல் இருந்திருக்கும். கீலைச் சரிசெய்யாததால் புதுப் பேனலிலும் சில மாதங்களில் கோடு விழுந்திருக்கலாம். சரியான வரிசை: முதலில் கீல், அதோடு கேபிள். முடி அகலக் கோட்டோடு வேலை செய்ய முடியும் என்றால் பேனலைத் தள்ளிப்போடலாம்.

கடையில் கேட்க வேண்டியது

வீட்டுச் சோதனை சந்தேகத்தைக் குறுக்கும். கடைசி நிரூபணம் பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான். நல்ல கடையில் அதே அளவு, அதே முனை எண்ணிக்கையுள்ள வேறொரு பேனலை உங்கள் கேபிளிலேயே தற்காலிகமாக இணைத்துக் காட்டச் சொல்லலாம். அது சுத்தமாக எரிந்து, மூடிக் கேபிளை அசைத்தாலும் நிலைத்து நின்றால் உங்கள் பேனல்தான் பழுது. அதுவும் துடித்தால் கேபிளை மாற்றுங்கள். பேனலை மாற்றுவது உறுதியானால், பழைய பேனலின் பின்புற லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். B156, N156, NV156 என்பதுபோல் தொடங்கும் அந்த எண்ணோடு, கனெக்டர் 30 முனையா 40 முனையா என்பதும் பொருந்த வேண்டும். ‘15.6 அங்குலம்’ என்பது மட்டும் போதாது.

கேபிளைக் கழற்றி மாட்டும் வேலையை நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு விதியைத் தவற விடாதீர்கள். லேப்டாப்பை அணைத்தால் போதாது. அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். அணைத்த நிலையிலும் திரை விளக்குக்கான மின்சாரம் அந்தக் கேபிள் பக்கம் இருக்கக்கூடும். மின்னோட்டம் இருக்கும்போது கனெக்டர் கோணலாக நழுவினால் பக்கத்து முனைகள் தொட்டு, மதர்போர்டிலுள்ள சிறு ஃபியூஸ் போய்விடும். அப்புறம் படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. கைவிளக்கைத் திரையில் சாய்த்து அடித்தால் மங்கலாக எழுத்துகள் தெரிவது அந்த நிலையின் அடையாளம்.

பழுது கேபிளிலோ பேனலிலோ என்று முடிவானால் உடனே செலவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. விண்டோஸ் விசையோடு P அழுத்தி Second screen only என்று வைத்துவிட்டு, மானிட்டரோடு மேசைக் கணினியாக அந்த லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருக்கலாம். பழுது சிப்பில் என்றால் மட்டும் அந்த வசதி கிடையாது. அப்போது திரை முழுதாக அணைந்துபோகும் முன் கோப்புகளை வெளியே நகலெடுத்து வைப்பதுதான் முதல் வேலை.